ஜிமிக்கி எங்கே முடிகிறது?

வட்ட முகத்துக்கு நீளத் தொங்கல், நீள முகத்துக்கு ஜிமிக்கி என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். ஆனால் வட்ட முகமுள்ள இரண்டு பேர் ஒரே தொங்கலைப் போட்டால், ஒருத்திக்கு எடுப்பாக இருப்பது மற்றவளுக்கு ஒட்டாமல் போகும். தொங்கும் நகையின் கீழ் விளிம்பில்தான் பார்ப்பவர் கண் போய் நிற்கிறது. அந்த விளிம்பு முடியும் உயரத்தில் முகம் சற்று அகலமாகத் தெரியும். அதனால் முக வடிவத்தைவிட, காதுத் துளையிலிருந்து தாடை எவ்வளவு கீழே இருக்கிறது, தோள் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே முக்கியம். இதைக் கடைக்குப் போகும் முன்பே ஒரு புகைப்படத்தில் அளந்துவிடலாம்.

செல்ஃபி இதற்கு உதவாது. கேமரா கிட்டத்தில் இருப்பதால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்ச் சிறுத்துவிடும். போனைத் தூக்கிப் பிடிக்கும் கையோடு தோளும் எழும்ப, கழுத்து குட்டையாகத் தெரியும். வேறொருவரை ஐந்தாறு அடி தள்ளி நிற்கவைத்து, கேமராவைக் காது உயரத்தில் பிடிக்கச் சொல்லி, ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். முடியை வாரிக் கட்டி, தோளைத் தளர்த்தி, முகவாயைத் தூக்காமல் நேராகப் பாருங்கள்.

படத்தில் அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். காதுக்குப் பக்கத்தில், காதும் நாணயமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி, அதன் முகப்பு நேராகத் தெரியப் பிடிக்க வேண்டும். மூக்குப் பக்கம் முன்னால் வந்துவிட்டால் நாணயம் பெரிதாகத் தெரியும். மற்ற அளவெல்லாம் குறைவாக வரும். நாணயம் முட்டை வடிவில் தெரிந்தால் கை சாய்ந்திருக்கிறது என்று பொருள், மறுபடி எடுங்கள்.

கல்யாணத்துக்கு ஜிமிக்கி வாங்க நினைத்த என் அக்கா மகளுக்கு இப்படித்தான் பார்த்தோம். அவளுக்குச் சதுரத் தாடை, கழுத்து கொஞ்சம் குட்டை, காதும் சின்னது. போன் திரையில் ஸ்கேலை வைத்தபோது நாணயம் 18 மில்லிமீட்டர் இருந்தது. 27-ஐ 18-ஆல் வகுத்தால் 1.5. இனித் திரையில் அளப்பதையெல்லாம் ஒன்றரையால் பெருக்கினால் உண்மை அளவு. இடையில் படத்தைப் பெரிதாக்கினால் கணக்கு மாறிவிடும்.

துளையிலிருந்து காதுச் சோணையின் அடிவரை 4, அதாவது 6 மில்லிமீட்டர். துளையிலிருந்து தாடை வளையும் மூலையின் உயரம்வரை 24, அதாவது 36. தோள்வரை 74, அதாவது 111.

முதலில் தோடு. துளையை நடுவாக வைத்து உட்காரும் வட்டத் தோடு 12 மில்லிமீட்டர் இருந்தாலே சோணையின் அடியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் சின்னக் காது மறைந்து, தோடு முன்னால் கவிழும். அவளுக்கு 9 அல்லது 10 சரி.

அடுத்தது தொங்கல். அவள் ஆசைப்பட்ட ஜிமிக்கியின் மொத்த நீளம் 35 மில்லிமீட்டர். "இது ஏன் வேண்டாம் சித்தி?" என்றாள். ஜிமிக்கிக்கு அகலமே அதன் அடியில்தான். அந்த அகலம் 36-இல் இருக்கும் தாடை மூலையோடு சேர்ந்து நின்றால், சதுரம் இன்னும் சதுரமாகும். ஆகவே 25-க்குள் முடியும் குட்டி ஜிமிக்கி, இல்லையென்றால் தாடையைத் தாண்டி 45 முதல் 50 வரை இறங்கி, கீழே போகப் போக மெலியும் தொங்கல். கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்கு நகை தோள்வரை உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது; அவளுக்கு அந்த எல்லை 55. கழுத்து நீளமானவர்கள் மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம். கூரிய முகவாய் உள்ளவர்களுக்குக் கணக்கு நேர்மாறு: தாடை மூலையில் முடியும் அதே ஜிமிக்கி, கீழ் முகத்துக்கு வேண்டிய அகலத்தைத் தரும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கெட்டிக் காகிதத்தில் அந்த அளவுக்கே இரண்டு மூன்று வடிவங்களை வெட்டி, சோணையில் டேப்பால் ஒட்டி, அதே தூரத்தில் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு காதையும் பாருங்கள். துளைகள் மேலும் கீழுமாக இருந்தால் நீளத் தொங்கலில் அது பளிச்சென்று தெரியும், சின்ன ஜிமிக்கியில் அவ்வளவாகத் தெரியாது.

நகையின் எடையைப் படம் காட்டாது. ஒரு பவுன் ஜோடி என்றால் காதுக்கு 4 கிராம் தொங்கும். உங்கள் துளை படத்தில் புள்ளியாக இல்லாமல் நெடுக்குக் கோடாகத் தெரிந்தால், சோணை ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. அப்போது அளவு எவ்வளவு பொருந்தினாலும் எடை குறைந்ததையே எடுங்கள். கனமானதுதான் வேண்டுமென்றால் பாரத்தைக் காதின் மேல்பக்கத்தோடும் முடியோடும் பகிரும் மாட்டலோடு சேர்த்து வாங்குங்கள்.