வைஃபை பட்டியலில் தெரியாத பெயரா? தடுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

"பதினெட்டாம் திகதியே டேட்டா முடிந்துவிட்டது, யாரோ எங்கள் வைஃபையைப் பாவிக்கிறார்கள்" என்ற முறைப்பாட்டை டிக்கோயாவில் நான் அடிக்கடி கேட்கிறேன். சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. மலைகள் மறைப்பதால் 4ஜி ரவுட்டரை சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரத்தில்தான் வைக்கிறோம். அங்கிருந்து வைஃபையும் வெளியே போகிறது. வீடுகள் சுவரோடு சுவராக இருக்கும் இடத்தில் பக்கத்து அறைக்கும் அது கிடைக்கும்.

யார் இணைந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கக் கணினி தேவையில்லை. கையிலுள்ள போனை வீட்டு வைஃபையில் இணைத்து, வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பின் பெயருக்குப் பக்கத்திலுள்ள அடையாளத்தைத் தொடுங்கள். ஆண்ட்ரொய்டில் Gateway என்றும், ஐபோனில் Router என்றும் ஓர் இலக்கம் தெரியும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும். அதை பிரவுசரில் தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே Connected Devices அல்லது அதுபோன்ற பெயரில் பட்டியலைக் காணலாம்.

பிரச்சினை தொடங்குவதே இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஐந்து பேர், பட்டியலிலோ ஒன்பது பெயர்கள். "நான்கு கள்ளர்கள்" என்று வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார். எல்லாப் போன்களிலும் வைஃபையை நிறுத்தி, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கி, பட்டியலில் எந்தப் பெயர் வருகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பத்து நிமிட வேலை. நான்கில் ஒன்று டீவி பெட்டி. இன்னொன்று வாசலிலுள்ள கேமரா. அது இரவு பகலாக வீடியோவை இணையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, டேட்டாவைத் தின்றதில் பெரும்பங்கு அதற்குத்தான். மூன்றாவது, முதல் நாள் வந்துபோன விருந்தாளியின் போன். சில ரவுட்டர்கள் ஒரு சாதனம் போன பிறகும் அதன் பெயரை ஒரு நாள் வரை வைத்திருக்கும். நான்காவதுதான் உண்மையிலேயே வெளியாள்: பக்கத்து வீட்டு மாணவர். பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020இல் ஸூம் வகுப்புக்காக இந்த வீட்டாரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது மறந்துபோயிற்று, போன் மறக்கவில்லை.

அந்தச் சாதனத்தை Block செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிலைக்காது. ரவுட்டர் தடுப்பது போனின் மெக் முகவரியை, அதாவது 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஓர் அடையாளத்தை மட்டுமே. ஆண்ட்ரொய்ட் 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்கள் தங்கள் அசல் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால் முகவரி மாறும், தடை பயனற்றுப்போகும். பட்டியலில் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், உதாரணமாக DA:4C என்று தொடங்கினால், அது பெரும்பாலும் இப்படி உருவாக்கப்பட்டதே. உங்கள் சொந்தப் போனே பெயரில்லாமல் வேற்றாள் போலத் தோன்றுவதற்கும் இதுதான் காரணம். Gateway பார்த்த அதே பக்கத்தில் உங்கள் போனின் முகவரியும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே வெளியேற்றுவதற்குச் சரியான வழி வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதுதான். மாற்றியதும் எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள், உங்கள் டீவியும் கேமராவும் உட்பட. அவற்றில் புதிய கடவுச்சொல்லைக் கொடுக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். பாதுகாப்பு வகையில் WPA2 அல்லது WPA3 தெரிவு செய்யுங்கள், WPS இருந்தால் நிறுத்துங்கள். ரவுட்டர் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்; ஸ்டிக்கரில் உள்ளதே இருந்தால், அதைப் பார்த்த எவரும் வைஃபையில் இருந்தபடி உள்ளே போய் புதிய கடவுச்சொல்லைப் பார்த்துவிடலாம்.

புதிய கடவுச்சொல் வெளியே போவதும் பெரும்பாலும் நம் வீட்டிலிருந்தே. போனில் Share தொட்டால் கியூஆர் குறியீடு வரும். பல ஆண்ட்ரொய்ட் போன்களில் அதன் கீழே கடவுச்சொல்லும் எழுத்தில் தெரியும். பிள்ளைகள் நண்பர்களுக்கு இப்படித்தான் கொடுக்கிறார்கள்.

அந்த வீட்டுக்காரர் மாணவரைத் துண்டிக்க விரும்பவில்லை, பரீட்சை நெருங்கியிருந்தது. ரவுட்டரில் Guest Network என்ற வசதி இருந்ததால், வேறு பெயரில், வேறு கடவுச்சொல்லுடன் ஒரு வைஃபையைத் திறந்து அதை மட்டும் அவருக்குக் கொடுத்தோம். பரீட்சை முடிந்ததும் அதைத் தனியாக நிறுத்தலாம், வீட்டுச் சாதனங்களைத் தொட வேண்டியதில்லை. கேமராவை, அசைவு தெரியும்போது மட்டும் பதிவுசெய்யும்படி மாற்றினார்கள்.