பிப்ரவரி முப்பத்தொன்று!

மூடிய கையின் விரல் முட்டிகளை எண்ணி, எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும் வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. முட்டியில் விழும் மாதத்துக்கு 31. பள்ளத்தில் விழுவதற்கு அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து மாதா மாதம் சந்தா பிடிக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு தினுசாக அல்லவா விரலை எண்ணுகிறது!

2025 ஜனவரி 31-ஆம் தேதி, குழந்தைகள் பாட்டுக் கேட்பதற்காக மாதம் 149 ரூபாய்ச் சந்தாவில் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்குச் சம்பளம் மாதக் கடைசி நாளில். அன்றைக்கே சந்தாவும் போய்விடட்டும் என்பது உங்கள் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பிப்ரவரியில் முப்பத்தொன்று ஏது?

நன்றாக எழுதிய புரோகிராம் இப்படிச் செய்யும்: அந்த நாள் இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்ளும். ஆகவே பிப்ரவரி 28. அதோடு, நீங்கள் சேர்ந்தது 31 என்பதையும் மறக்காது. எனவே மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதத்தில் மறுபடி 31. கடைகளுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் ஸ்ட்ரைப் என்னும் கம்பெனியின் முறை இதுதான். சம்பள நாளும் சந்தா நாளும் கைகோத்தபடி போகும்.

இரண்டாவது ரகத்துக்கு ஞாபகமறதி. முதல் தேதியைப் பார்க்காமல், போன மாதம் பிடித்த தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டுகிறது. பிப்ரவரி 28-க்கு ஒரு மாதம் கழித்து மார்ச் 28. பிறகு ஏப்ரல் 28. ஒரு தடவை கீழே இறங்கிய தேதி பிறகு ஏறுவதே இல்லை. முதல் வருஷம் பன்னிரண்டு மாதச் சந்தாவுக்கு உங்களுக்குக் கிடைப்பது 362 நாள்தான். மூன்று நாள் போனால் போகட்டும் என்பீர்கள். ஆனால் 28-ஆம் தேதி உங்கள் கணக்கில் என்ன இருக்கும்? சம்பளம் இன்னும் வரவில்லையே! பணம் இல்லையென்று கேட்பு திரும்பிப்போகும், பாட்டும் நின்றுபோகும். தானாகப் பிடிக்கும் சிலவகைத் தவணைகளில், திரும்பியதற்காகப் பாங்கி தனியாக ஒரு கட்டணமும் போடலாம்.

மூன்றாவது ரகம் இன்னும் வேடிக்கை. 'பிப்ரவரி 31' என்று கேட்டால், இருபத்தெட்டைத் தாண்டி மூன்று நாள் எண்ணி, மார்ச் 3-இல் போய் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கம்ப்யூட்டர் மொழியின் தேதிக் கணக்கே அப்படித்தான். எழுதுகிறவர் கவனித்துத் திருத்தாவிட்டால் பிப்ரவரியில் ஒன்றும் பிடிக்காது. முதல் தேதியையே வைத்துக் கணக்கிட்டால் மார்ச்சில் 3-ஆம் தேதி ஒன்று, 31-ஆம் தேதி ஒன்று என இரண்டு! பிப்ரவரியில் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர் மார்ச்சில் திகைப்பார்.

உங்களுடையது எந்த ரகம்? மார்ச் மாதத்துப் பாஸ் புத்தகமே சொல்லிவிடும். 31 என்றிருந்தால் கவலையில்லை. 28 என்றிருந்தால் தேதி இறங்கிவிட்டது. 3 என்றிருந்தால் கணக்கு வழிந்துவிட்டது.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் சந்தாவானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பாங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. 2021 அக்டோபரிலிருந்து கண்டிப்பாக அமலில் இருக்கிறது. எந்தத் தேதி, எவ்வளவு என்பது அதில் இருக்கும். அந்தத் தடவை மட்டும் வேண்டாம் என்று தடுக்கவும் வழி உண்டு. பிப்ரவரி கடைசி வாரத்தில் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஞாபகத்துக்காகப் போன் காலண்டரில் 'மாதந்தோறும் 31' என்று குறித்து வைக்கிறீர்களா? இணையக் காலண்டர்களுக்கான பொது விதிப்படி, இல்லாத தேதி வெறுமனே விட்டுப்போகும். வருஷத்துக்கு ஏழு தடவைதான் மணி அடிக்கும். உங்களுக்கு அவசியமான பிப்ரவரியில் அடிக்கவே அடிக்காது. 'மாதக் கடைசி நாள்' என்று குறிக்க இடமிருந்தால் அப்படிக் குறியுங்கள்.

புதிதாகச் சந்தா சேரும்போது 29, 30, 31 மூன்றையும் தவிர்த்துவிடுவதே உத்தமம். சம்பளம் வந்த மறுநாள், அதாவது முதல் தேதியில் சேருங்கள். எந்த மாதத்துக்கும் முதல் தேதி உண்டு. எப்படி விரல் எண்ணும் கம்ப்யூட்டரும் அதில் தவற முடியாது.