எந்த அறிவிப்பு செல்லும்?

சானல்காரர்கள் – 9

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில், ஒன்பது மாலைகளும் சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரி கீர்த்தனைகள் பாடப்படும். பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக வந்து தங்கியிருக்கும் நாட்கள் அவை. ஒன்பது நாள் முடிந்தால் அந்தக் கீர்த்தனைகளைத் தேடிக் கேட்பவர்களும் குறைந்துவிடுவார்கள். யூடியூபில் இதற்கென்று வீடியோ போடுகிறவர்கள், வருஷத்தில் இந்த ஒன்பது நாளை நம்பித்தான் போடுகிறார்கள்.

கரமனையில் ஒரு பாடகி இருக்கிறார், வருமானம் வரும் அளவுக்கு வளர்ந்த சானல் ஒன்றை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே தம்புராவும் வயலினும் சேர்த்துப் பாடிப் பதிவுசெய்து, நவராத்திரி முதல் நாள் திங்கட்கிழமை காலை ஏற்றுகிறார். யூடியூபின் கண்டன்ட் ஐடி என்னும் தானியங்கி ஒப்பீடு அதைக் கேட்டுப்பார்த்து, ஏதோ ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பதிவோடு பொருந்துகிறது என்று முடிவுகட்டி, அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் வைத்துவிடுகிறது. அதே ராகம், அதே சாகித்யம். இயந்திரம் ஏமாந்துபோவதில் பெரிய வியப்பில்லை. சுவாதித் திருநாள் 1846இல் மறைந்தவர், கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. அதைப் பாடிய பதிவுக்கு மட்டும் தனிக் காப்புரிமை உண்டு. இவர் பயன்படுத்தியது தன் குரலை. ஆட்சேபித்தால் நியாயம் இவர் பக்கம்தான்.

ஆனால் அவருக்கு விஷயம் எப்போது தெரிகிறது? யூடியூபின் மேல்மூலையில் இருக்கும் மணியில் அன்று காலையிலிருந்தே எண் ஏறிக்கொண்டிருக்கிறது. மாமிகள் ‘பிரமாதம்’ எழுதியது, பின்தொடரும் சானல்களில் புதிய வீடியோ வந்தது என்று எல்லாமே அந்த ஒரே மணியில்தான். மின்னஞ்சலோ, சானலைத் தொடங்கிக்கொடுத்த அண்ணன் மகனின் முகவரிக்குப் போகிறது. அவன் இப்போது பெங்களூரில். ஸ்டூடியோவைத் திறந்து Content பக்கத்தில் Restrictions என்ற பத்தியைப் பார்த்திருந்தால், அந்த வீடியோவுக்கு எதிரே Copyright என்று எழுதியிருப்பது திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். அவர் பார்த்ததென்னவோ ஞாயிற்றுக்கிழமை.

இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. உரிமைகோரல் வந்த ஐந்து நாளுக்குள் ஆட்சேபித்தால், முதல் நாளிலிருந்து வந்த விளம்பர வருமானத்தை யூடியூப் யாருக்கும் தராமல் தனியே பிடித்துவைக்கும். வழக்கு முடிந்ததும் வென்றவருக்குப் போகும். ஐந்து நாள் கழித்து ஆட்சேபித்தால், ஆட்சேபித்த நாளிலிருந்து வருவதை மட்டுமே பிடித்துவைக்கும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அவர்கள் வாயே திறக்காவிட்டாலும் கோரல் தானாக விழுந்துவிடும். பாடகி கடைசியில் ஜெயிப்பார். ஆனால் திங்கள் முதல் சனி வரை, அதாவது அந்த வீடியோவை ஊரே கேட்ட நாட்களில் வந்த பணம் திரும்பாது.

அறிவிப்பு மூன்று இடத்தில் வருகிறதே, எதை நம்புவது என்று சானல் நடத்துகிறவர்கள் கேட்கும்போது நான் சொல்வது இதுதான்: இப்போதைய நிலை என்ன என்பதற்கு ஸ்டூடியோ. ஏன், எப்போது என்பதற்கு மின்னஞ்சல். மணிக்கு இதில் எந்த அதிகாரமும் கிடையாது. அது கூப்பிடும், அவ்வளவுதான். மணியில் எதுவும் வரவில்லை என்பதால் சானலில் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மின்னஞ்சலைவிட ஸ்டூடியோவை ஏன் மேலே வைக்கவேண்டும்? மின்னஞ்சல் ஒரு நிகழ்ச்சி நடந்ததைச் சொல்கிறது. நிகழ்ச்சிக்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. ஸ்ட்ரைக் விழுந்ததாகச் சொல்லும் கடிதம் இன்பாக்ஸில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஸ்ட்ரைக்கோ 90 நாளில் காலாவதியாகியிருக்கும். உரிமைகோரியவர் மனம் மாறிக் கோரலைத் திரும்பப் பெற்றிருக்கலாம், மேல்முறையீடு ஏற்கப்பட்டிருக்கலாம். இவை எல்லாம் போக மிச்சம் என்ன என்பதை ஸ்டூடியோவின் முகப்பான டேஷ்போர்டு காட்டும். விதிமீறல் நடப்பில் இருந்தால் Channel violations என்று ஓர் அட்டை அங்கே நிற்கும். சமூக விதிகளை மீறியதாக முதல் தடவை வருவது பெரும்பாலும் எச்சரிக்கை. அதன்பிறகு முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம் எதையும் ஏற்ற முடியாது. 90 நாளுக்குள் இரண்டாவது என்றால் இரண்டு வாரம். மூன்றாவதோடு சானல் போய்விடும். இந்தக் கணக்கில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை இன்பாக்ஸைப் புரட்டிக் கூட்டிக்கழித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக்கும் போய்விடும் என்று நம்பி அழித்தவர்கள் ஏராளம். போகாது. அட்டை அங்கேயே நிற்பதைப் பார்த்துத்தான் பலருக்கு அது புரிகிறது.

இதற்காக மின்னஞ்சலைத் தள்ளிவிடவும் முடியாது. யூடியூபின் அமைப்புகளில் மின்னஞ்சல் அறிவிப்பை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு. அதன் கீழே சின்ன எழுத்தில், இதை நிறுத்தினாலும் கணக்கு, கட்டாய சேவை அறிவிப்பு, சட்ட அறிவிப்பு, தனியுரிமை தொடர்பான கடிதங்கள் வரக்கூடும் என்று எழுதியிருப்பார்கள். மணியை நீங்கள் ஊமையாக்கலாம். சட்ட அறிவிப்புக்கு மட்டும் கதவைச் சாத்த முடியாது. காப்புரிமைக்காரர் சில சமயம் வீடியோவை உடனே நீக்கச் சொல்லாமல் ஏழு நாள் கெடு வைத்து நீக்கச் சொல்வார். அந்த ஏழு நாளுக்குள் நீங்களே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் இல்லை. கெடு ஓடத் தொடங்குவது அறிவிப்பு அனுப்பியதிலிருந்து, நீங்கள் படித்ததிலிருந்து அல்ல. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே மனப்போக்குடையதுதான்: வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, நீங்கள் குறித்துக்கொடுத்த பெட்டிக்குள் மின்கடிதம் நுழைந்த நேரமே அதைப் பெற்ற நேரம். பார்க்கவில்லை என்பது பதிலாகாது.

ஆகவே கடிதம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது முக்கியம். கோவில் கமிட்டி, பஜனை சபா, டியூஷன் சென்டர் என்று நம் ஊர்ச் சானல்கள் பலவும், யாரோ ஒரு பையன் அவசரத்தில் தொடங்கிய கூகுள் கணக்கில்தான் இருக்கின்றன. ஸ்டூடியோவின் Settings பகுதியில் Permissions என்ற இடத்தில் மற்றவர்களையும் சேர்த்துவிட்டால், கடவுச்சொல்லைக் கைமாற்றாமலே அவர்களும் நிலையைப் பார்க்கலாம். கரமனைப் பாடகிக்கு அந்த ஒரு வேலை நடந்திருந்தால், வேறு யாராவது திங்கட்கிழமையே பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி, மின்னஞ்சலை முதலிடத்தில் வைக்க முடியாததற்கு இன்னொரு காரணம். இதுதான் ஆபத்தானது.

2023 ஏப்ரலில் சானல்காரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. யூடியூபின் விதிகள் மாறிவிட்டன, இணைத்திருக்கும் வீடியோவின் விவரத்தைப் படித்து ஏழு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சானலில் நுழைய முடியாமல் போகும் என்ற பாணியில் இருந்தது. அனுப்புநர் முகவரி no-reply@youtube.com. அது போலி முகவரி அல்ல. ஓர் எழுத்து மாற்றி எழுதிய தந்திரமும் இல்லை. யூடியூபில் ஒரு வீடியோவை இன்னொருவருடன் பகிர்ந்தால், நிறுவனத்தின் உண்மையான முகவரியிலிருந்தே அவருக்கு மின்னஞ்சல் போகும். மோசடிக்காரர்கள் அந்த வசதியையே வாகனமாக்கிக்கொண்டார்கள். அனுப்புநர் முகவரியைச் சரிபார்த்துவிட்டுத் திறவுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அறிவுரை அங்கே பலிக்கவில்லை. 2025இல் இன்னொரு சுற்று வந்தது: யூடியூபின் தலைமை நிர்வாகி நீல் மோகன் வருமான விதிகளை மாற்றி அறிவிப்பதுபோல் செயற்கையாகத் தயாரித்த வீடியோ, பிரைவேட் வீடியோவாகப் பகிரப்பட்டது. தாங்கள் யாரையும் பிரைவேட் வீடியோ வழியாகத் தொடர்புகொள்வதே இல்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

இந்த மோசடிக்காரர்கள் தேடுவது பெரும்பாலும் கடவுச்சொல்லைக்கூட அல்ல, உலாவியில் தங்கியிருக்கும் குக்கியை. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அது; அதைத் திருடினால் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் தாண்டி உள்ளே வந்துவிடலாம். 2021 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, அப்படிக் களவுபோன சானல்கள் 3 டாலர் முதல் 4,000 டாலர் வரை விலைபோயின. வேறு வழிகளும் இருக்கலாம். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள போலீஸின் சொந்த யூடியூப் சானலே 2023 ஜனவரியில் கைமாறி, சம்பந்தமில்லாத வீடியோக்கள் ஏறி, பிறகு மீட்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் சானலில் வழக்கு விசாரணைகள் மறைந்து கிரிப்டோ விளம்பரம் ஓடியது. பெரிய இடங்களுக்கே இந்தக் கதி.

இதற்கு ஒரே நடைமுறைதான் உண்டு, அதுவும் எளிது. சானலின் நிலைபற்றி என்ன கடிதம் வந்தாலும், அது எந்த முகவரியிலிருந்து வந்தாலும், அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல் உலாவியில் நீங்களே studio.youtube.com என்று தட்டி உள்ளே போங்கள். கடிதம் சொல்வது உண்மையானால் டேஷ்போர்டிலோ, Content பக்கத்திலோ, வருமானம் பற்றியதானால் Earn பக்கத்திலோ அதன் சுவடு இருக்கும். அங்கே இல்லாத ஸ்ட்ரைக்குக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை.

இந்த வரிசை இரண்டு சந்தர்ப்பங்களில் தலைகீழாகும். சானல் திருடப்பட்டால், உங்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவன் திருடன். அது காட்டுவதை நம்ப முடியாது. அப்போது பார்க்கவேண்டியவை கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கமும், மீட்பு முகவரிக்கு வந்த எச்சரிக்கைக் கடிதங்களும். யூடியூபே சானலை நீக்கிவிட்டாலும் அப்படித்தான். பழையபடி டேஷ்போர்டு இருக்காது. எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்று சொல்லும் மின்னஞ்சல்தான் கையில் மிஞ்சும் காகிதம். மேல்முறையீட்டை அதை வைத்துத்தான் எழுதவேண்டும்.

அதுவும் தோற்றால், இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அவர் முடிவு திருப்தி தராவிட்டால், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in வழியாகப் போகலாம். அதிகாரியின் பதில் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள்தான் கெடு. அந்தப் பதிலும் எந்தப் பெட்டிக்கு வரும் என்பதை, புகார் எழுதும்போதே யோசித்து முகவரியைக் கொடுங்கள். பெங்களூர்ப் பையனின் முகவரி வேண்டாம்.