‘ஏன்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது

1945 ஆகஸ்ட்டில் நரம்பியல் மருத்துவர் விக்டர் ஃபிராங்க்கல் சொந்த ஊரான வியன்னாவுக்குத் திரும்பினார். வயது 40. நாஜிகளின் நான்கு முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர். அப்பா தெரேசின்ஷ்டாட் முகாமிலேயே இறந்துவிட்டார். அம்மாவை ஆஷ்விட்ஸில் கொன்றுவிட்டார்கள், சகோதரரும் திரும்பவில்லை. பெர்கன்-பெல்சன் முகாமில் இருந்த மனைவி டில்லியும் இல்லை என்ற செய்தி ஊருக்கு வந்த பிறகு கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட தங்கை மட்டும்தான் மிச்சம்.

முகாமில் அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதைப் பலரும் படித்திருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய சில மாதங்கள். முகாமுக்குள், வெளியே யாரோ காத்திருக்கிறார்கள் என்று நம்ப இடமிருந்தது. வெளியே வந்ததும் அதுவும் போயிற்று. அந்தச் செப்டம்பரில் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் தன் களைப்பையும் துக்கத்தையும் தனிமையையும் சொல்லியிருந்தார்.

வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதற்குள் மூன்று தனித்தனி உணர்வுகள் இருப்பதாக ஃபிராங்க் மார்ட்டெலா, மைக்கேல் ஸ்டீகர் என்ற இரு உளவியலாளர்கள் 2016-இல் பிரித்துக் காட்டினார்கள். நாளைக்குச் செய்ய ஏதோ இருக்கிறது என்பது நோக்கம். நேற்று நடந்ததும் இன்று நடப்பதும் ஒரே கதையாகப் புரிவது கோர்வை. இந்த வாழ்க்கை வாழத் தகுந்ததுதான் என்பது மதிப்பு. நாம் யாருக்காவது வேண்டியவராக இருக்கிறோம் என்ற எண்ணம் பெரும்பாலும் இதோடு ஒட்டியே வரும். பெரிய இழப்பு மூன்றையும் ஒரே நாளில் உடைத்துவிடலாம். ஆனால் மூன்றும் ஒன்றாகத் திரும்பி வருவதில்லை.

ஃபிராங்க்கலுக்கு முதலில் திரும்பியது நோக்கம். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோன புத்தகக் கைப்பிரதியை அங்கே இழந்திருந்தார். பிறகு டுர்க்ஹைம் முகாமில் டைஃபஸ் காய்ச்சலோடு கிடந்தபோது, கிடைத்த துண்டுக் காகிதங்களில் அதன் குறிப்புகளை மறுபடி கிறுக்கி வைத்தார். அந்த வேலை பாதியில் நின்றிருந்தது. வியன்னாவில் அவர் நிலையைப் பார்த்துப் பயந்த நண்பர் புரூனோ பிட்டர்மன், தத்துவம் பேசவில்லை. வெற்றுத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிப்போய், அதையே வேலைக்கான விண்ணப்பமாக்கிவிட்டார்! தங்க இடமும் ஒரு தட்டச்சு இயந்திரமும் ஏற்பாடு செய்தார். (இந்த நண்பர் பின்னாளில் ஆஸ்திரியாவின் துணைப் பிரதமரானார், ஆனாலும் அவர் செய்த பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.) 1946-இல் ஃபிராங்க்கல் வியன்னாவின் பாலிக்ளினிக் மருத்துவமனையில் நரம்பியல் துறைத் தலைவரானார். நோயாளிகளுக்கு அவர் வேண்டியிருந்தது. 1947-இல் அங்கே வேலை பார்த்த எலியனோரை மணந்தார், மகள் பிறந்தாள்.

இதில் எங்கும் ‘டில்லி ஏன் சாக வேண்டும்?’ என்பதற்கு விடை இல்லை. கோர்வை கடைசிவரை முழுதாகக் கூடவில்லை என்றே சொல்லலாம். மற்ற இரண்டு இழைகளும் தாங்கிக்கொண்டன.

எல்லாருக்கும் இப்படித்தான் என்றில்லை. குழந்தையைத் திடீரென இழந்த பெற்றோரையும், விபத்தில் துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களையும் கிறிஸ்டோபர் டேவிஸும் சகாக்களும் ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள். ஒரு பகுதியினர் ‘ஏன்’ என்று தேடவே இல்லை. அவர்கள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். தேடியவர்களில் பலருக்கு ஓராண்டு கழித்தும் விடை கிடைக்கவில்லை. விடாமல் தேடியும் கிடைக்காதவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். தற்கொலை, கொலை, விபத்து போன்ற சாவுகளில் இந்தத் தவிப்பு கூடுதல். முதுமையில் வரும் சாவுக்குக் கதையில் ஓர் இடம் உண்டு, இவற்றுக்குக் கிடையாது.

நம் துக்க வீடுகளில் இதைக் கவனிக்கலாம். “விதி”, “நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்” என்று வருகிறவர்கள் சொல்வதெல்லாம் அடுத்தவர் கையில் திணிக்கும் கோர்வைதான். அந்த நம்பிக்கை ஏற்கெனவே உள்ளவருக்கு அது ஆறுதல். இல்லாதவருக்கு எரிச்சல், சில நேரம், ‘அப்படியானால் என் பாவமா?’ என்ற புதுக் கேள்வி.

துக்கம் எப்போது மருத்துவரிடம் போக வேண்டிய நிலையாகிறது? ஓராண்டுக்குப் பிறகும் ஏக்கம் அநேகமாக தினமும் ஆளை முடக்குவது, தன்னில் பாதி செத்துவிட்டதாகத் தோன்றுவது, வாழ்வில் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் அகலாமல் நிற்பது ஆகியவற்றை அமெரிக்க உளநல மருத்துவர்களின் 2022 கையேடு அறிகுறிகளாகக் குறிக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும்.

இதற்கென்று கேத்ரின் ஷியர் வகுத்த சிகிச்சை சுமார் 16 அமர்வுகள் நடக்கும். அந்தச் சாவை அறிந்த நொடியை நோயாளி கண்ணை மூடித் திரும்பச் சொல்வது அதில் ஒரு பாதி. கலங்கிய கதையை மெல்லக் கோர்ப்பது அதன் வேலை. மறுபாதியில் சிகிச்சையாளர் கேட்பது வேறு: இந்த வலி கொஞ்சம் தாங்கும் அளவுக்கு இறங்கினால், உங்களுக்கென்று என்ன செய்ய ஆசை? தோட்டம், நின்றுபோன படிப்பு, பேசாமல் விட்ட தங்கை என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். வலி இறங்கும்வரை பொறுக்காமல், அதில் ஒரு சிறு துண்டை அடுத்த வாரத்துக்குள் செய்துவிட்டு வரச் சொல்வார்கள்.