21 நாள் கணக்கு

கறவை மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றுதான். "போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாசம்?" என்று கேட்பவர் அபூர்வம். மாடு சம்பாதித்துக் கொடுக்குமா, தின்று தீர்க்குமா என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஈன்ற இரண்டாவது மாதத்தில் பால் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, பத்து மாதத்தில் அடிமடிக்கு வந்துவிடும். மறுபடி உச்சம் காண வேண்டுமானால் அடுத்த கன்று பிறந்தாக வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். அதை யாரும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது, ஈன்றதிலிருந்து மறுபடி சினை பிடிக்கும் வரையுள்ள நாட்கள் மட்டுமே. அது 85 நாளில் முடிந்தால் வருடத்துக்கு ஒரு கன்று. 13 மாதம் வரை போனாலும் குற்றமில்லை.

ஜனவரி 10-ல் ஈன்ற ஒரு கலப்பின ஜெர்சிப் பசுவை எடுத்துக்கொள்வோம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மாதம் விட்டாயிற்று. மார்ச் 18 இரவு பருவத்துக்கு வந்தது, வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பருவம் 21 நாளுக்கு ஒரு முறைதான். அடுத்து ஏப்ரல் 8. அன்று கத்தியது, ஆனால் அறுவடை வேலையில் விட்டுப்போயிற்று. இரண்டு நாள் கழித்து வாலில் ரத்தக் கறை தெரிந்ததும் கால்நடை மருத்துவருக்கு போன் போகிறது.

"ரத்தம் பட்டிருக்கு சார், ஊசி போட்டுடலாமா?"

"ரத்தம் தெரிஞ்சா பருவம் முடிஞ்சுபோச்சும்மா. இன்னிக்குத் தேதியைக் குறிச்சு வைங்க. பதினெட்டாம் நாள்ல இருந்து மாட்டை விட்டு நகராதீங்க."

ஏப்ரல் 29-ல் சரியாக ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் மாடு கத்தவில்லை, அதனால் சினை என்று நம்பிவிட்டார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கோடையில் மாடு சத்தம் காட்டாமலே பருவத்துக்கு வந்து போகும். எருமைக்கு அது வழக்கமே. இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால் சினையில்லை. ஜூலை 1-ல் மறு ஊசி போட்டுத்தான் பிடித்தது. கன்று இடைவெளி 452 நாள், அதாவது பதினைந்து மாதம். ஏப்ரல் 8-ல் பிடித்திருந்தால் 368 நாள். நடுவில் போன 84 நாளுக்கு, ஒரு நாள் தீவனம் 120 ரூபாய் என்று வைத்தாலே பத்தாயிரம் ரூபாய். தள்ளிப்போன உச்சப் பால் இந்தக் கணக்கில் சேரவில்லை.

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, ராத்திரி படுக்கப் போகுமுன் டார்ச்சோடு கொட்டகைக்குள் ஒரு நடை போய்வருவது. விடியுமுன் இன்னொரு நடை. பருவ அறிகுறிகள் இருட்டில்தான் அதிகம் தெரியும். அறையில் கண்ணாடி போன்ற கோழை கயிறாகத் தொங்கும், மாடு நிலைகொள்ளாது, தீவனத்தில் வாய் வைக்காது, பால் சட்டென்று குறையும். பக்கத்து மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு இந்தச் சாட்சி கிடைக்காது. அவர் கோழையைத்தான் நம்ப வேண்டும். கோழை வெள்ளையாகவோ சீழாகவோ இருந்தால் ஊசி வேண்டாம், முதலில் கருப்பைக்கு வைத்தியம்.

காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கண்டவுடனே போட்டுவிட வேண்டும் என்ற அவசரமும் சினையைக் கெடுக்கும். மூன்று முறை போட்டும் நிற்கவில்லையென்றால் நான்காவது ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு கவனித்தும் பருவமே வராத மாடு உண்டு. அதன் விலா எலும்பை எண்ணிப் பாருங்கள். ஈன்ற புதிதில் கறக்கும் பாலுக்கு ஏற்ற தீவனம் இல்லாவிட்டால், மாடு உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், சினைக்கு மிச்சமிருக்காது. சினைமாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவைத்து, அடர்தீவனமும் தாது உப்பும் கொடுப்பதன் பலன் ஈன்ற பிறகுதான் தெரியும்.

"சினையானால் பால் குறைஞ்சிடும், கறக்கிற வரைக்கும் கறக்கட்டும்" என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறப்பதற்காக, அடுத்த ஈத்தின் உச்சப் பாலைத் தள்ளிப்போடும் வியாபாரம் அது.

உங்கள் மாடு கடைசியாக ஈன்ற தேதியும் ஊசி போட்ட தேதியும் வீட்டுக் காலண்டரில் இருக்கின்றனவா? இல்லையென்றால் இன்றைக்கே எழுதி, ஊசி போட்ட நாளிலிருந்து 21-ஆம் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.