ஷூ தகுமியைப் பின்தொடர்ந்தால்

சினிமா போஸ்டரில் இயக்குநர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் பெரிதாக இருக்கும். வீடியோ கேம் பெட்டியில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் தொடரின் பெயரும்தான். அதனால் ஒரு கேம் பிடித்துவிட்டால், பலரும் அதே தொடரின் அடுத்த பாகத்தைத் தேடிப் போகிறார்கள். முதல் பாகத்தை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடும்.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ‘ஏஸ் அட்டர்னி’ இதற்கு நல்ல உதாரணம். ஃபீனிக்ஸ் ரைட் என்ற இளம் வக்கீலாக நின்று, சாட்சிகளின் வாக்குமூலத்தில் முரண்பாட்டைக் கண்டுபிடித்து, சரியான ஆதாரத்தை எடுத்துக்காட்டிப் பொய்யை உடைக்க வேண்டும். வேலை முழுக்கப் படிப்பதும் யோசிப்பதும்தான். சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. 2002, 2004-இல் வந்த அடுத்த இரண்டு பாகங்களும் அவருடையவையே. 2007-இல் வந்த நான்காவதற்கும் கதை அவர்தான். ஐந்தும் ஆறும் வேறு கைகளுக்குப் போயின. அவை மோசமான கேம்கள் அல்ல. ஆனால் முதல் மூன்றில், அற்பமாகத் தெரிந்த ஒரு விவரம் கடைசியில் மொத்த வழக்கையும் புரட்டிப் போடுமே, அந்த ருசிக்காக வருபவர் பெட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு ஆளைத் தேடுவது நல்லது.

ஆளைத் தேடினால் கிடைப்பது ‘கோஸ்ட் டிரிக்’. 2010-இல் ஜப்பானில் வந்தது. 2023-இல் புதுப்பிக்கப்பட்டு இன்றைய கருவிகளுக்கும் வந்துவிட்டது. இதில் நீதிமன்றமே இல்லை. கதாநாயகன் சிஸெல் முதல் காட்சியிலேயே செத்துக் கிடக்கிறான். தான் யார் என்பதே அவனுக்கு நினைவில்லை. ஆவியாக அருகிலிருக்கும் பொருள்களுக்குள் புகுந்து அவற்றை அசைக்கலாம். இறந்த இன்னொருவரின் உடலுக்குள் புகுந்தால், அந்தச் சாவுக்கு நான்கு நிமிடம் முன்னே போய் விதியை மாற்றப் பார்க்கலாம். விடிவதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். ஆட்டமுறை அடியோடு வேறு. ஆனால் விவரங்களை நம் கண்முன்னே பரப்பி வைத்துவிட்டு ஏமாற்றும் கை அதே கை. இசையும் பழகிய இசைதான்: முதல் ‘ஏஸ் அட்டர்னி’க்கு இசையமைத்த மசகாசு சுகிமோரியே இதற்கும்.

ஒரு யோசனை எப்படி வளர்கிறது என்பதையும் இந்த வழியில் பார்க்கலாம். 2012-இல் புரொபசர் லேட்டன் தொடருடன் ஃபீனிக்ஸ் ரைட்டைச் சேர்த்து ஒரு கேம் வந்தது, கதை தகுமி. அதில் பல சாட்சிகள் ஒரே நேரத்தில் கூண்டில் நிற்பார்கள். ஒருவர் பேசும்போது பக்கத்தில் நிற்பவரின் முகம் மாறினால், அவரைப் பிடித்து விசாரிக்கலாம். தகுமி 2015-இல் இயக்கிய ‘தி கிரேட் ஏஸ் அட்டர்னி’யிலும் இந்த உத்தி தொடர்கிறது. கூடவே ஆறு ஜூரிகளும் வந்து சேர்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒன்றோடொன்று மோதவிட்டு மனத்தை மாற்ற வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸும் வருகிறார். அவருடைய துப்பறிதல் அட்டகாசமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பிசகியிருக்கும். அதைத் திருத்துவது நம் வேலை. இதன் இரண்டு பாகங்களும் 2021-இல்தான் ஆங்கிலத்தில் வந்தன.

பின்னோக்கிப் போகும்போது கவனம் தேவை. ‘ஏஸ் அட்டர்னி’க்கு முந்தைய ஆண்டு தகுமி இயக்கியது ‘டைனோ கிரைசிஸ் 2’, டைனோசர்களைச் சுட்டுத் தள்ளும் அதிரடி கேம். வக்கீல் கதையை ரசித்தவர் அதைப் போட்டால் விழிப்பார். அது ஏற்கெனவே இருந்த ஒரு தொடரின் இரண்டாம் பாகம். தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்ய அவருக்கு வாய்ப்பு கிடைத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே கேம் முடிந்து ஓடும் பெயர்ப்பட்டியலில் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் உள்ள பொறுப்பையும் படிக்க வேண்டும். கதையும் இயக்கமும் ஒருவரிடமே இருந்தால் தடம் உறுதி. ‘மேற்பார்வை’ என்று மட்டும் இருந்தால் அவ்வளவு நம்ப வேண்டாம். 1980-களின் ஜப்பானிய கேம்களில் இந்தத் தேடலே சிரமம். திறமைசாலிகளைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துவிடும் என்ற பயத்தில் பலருடைய பெயர்கள் புனைபெயர்களாகவே போடப்பட்டன.

இசையைப் பிடித்துக்கொண்டு போனால் பாதை இன்னொரு பக்கம் திரும்பும். மூன்றாவது ‘ஏஸ் அட்டர்னி’க்கு இசை நொரியுகி இவதாரே. அவருடைய பழைய பட்டியலில் ‘லூனார்’, ‘கிராண்டியா’ என்று நிற்பவை எல்லாம் பெரும் பயணக் கதைகள், வாளும் மந்திரமும் கொண்ட ரோல் பிளேயிங் கேம்கள். குறுக்கு விசாரணையைத் தேடிப் போகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. மெட்டுக்காகப் போகிறவருக்கு 1997-இல் வந்த ‘கிராண்டியா’ நல்ல தொடக்கம்.