7 சதவிகிதம் எந்த ரூபாய்க்கு?

தனியார் வங்கிகள் பலவற்றின் சேமிப்புக் கணக்கு வட்டிப் பட்டியல் பார்வைக்கு மிக எளிமையானது. இடப்பக்கம் இருப்புத் தொகை, வலப்பக்கம் வட்டி விகிதம், மொத்தமே நாலைந்து வரிகள். அதில் மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் விளம்பரப் பலகைக்குப் போகிறது. காலாண்டு முடிந்து பாஸ்புக்கில் வட்டி ஏறும்போதுதான், விளம்பரத்தில் பார்த்த எண்ணுக்கும் கைக்கு வந்த தொகைக்கும் ஏன் பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் யோசிக்கத் தொடங்குகிறார். பெரும்பாலும் வங்கி தவறு செய்திருக்காது. பட்டியலின் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வாக்கியத்தை அவர் படித்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

இந்த அடுக்குமுறை இந்தியாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. சேமிப்புக் கணக்குக்கு இவ்வளவுதான் வட்டி என்று ரிசர்வ் வங்கியே நிர்ணயித்துவந்தது. கடைசியாக அது 4 சதவிகிதமாக இருந்தது. 2011 அக்டோபர் 25 அன்று அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, விகிதத்தை வங்கிகளே முடிவு செய்யலாம் என்றானது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு எல்லோருக்கும் ஒரே விகிதம்தான் தர வேண்டும். நாளின் முடிவில் இருப்பு அதைத் தாண்டினால் மட்டுமே வேறு விகிதம் தரலாம். பல பட்டியல்களில் முதல் வரி ‘ஒரு லட்சம் வரை’ என்று தொடங்குவதன் காரணம் இதுதான்.

அடுக்கு ஏற ஏற வட்டியும் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. 2019 மே மாதம் பாரத ஸ்டேட் வங்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பு இருப்பை ரெப்போ விகிதத்துடன் இணைத்தபோது ஒரு லட்சம் வரை 3.5 சதவிகிதம், அதற்கு மேல் 3.25 என்று தலைகீழாக இருந்தது. அதே வங்கி 2025 ஜூன் 15 முதல் எல்லா இருப்புக்கும் ஒரே 2.5 சதவிகிதம் என்றாக்கிவிட்டது. ஆக, சரிபார்க்கும் வேலை அடுக்கு வைத்திருக்கும் வங்கிகளில் கணக்கு உள்ளவர்களுக்குத்தான்.

பட்டியல் சொல்லாமல் விடும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ‘5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 7 சதவிகிதம்’ என்று ஒரு வரி இருக்கிறது. கணக்கில் 6 லட்சம் இருந்தால் அந்த 7 சதவிகிதம் ஆறு லட்சத்துக்கும் உண்டா, ஐந்தைத் தாண்டிய ஒரு லட்சத்துக்கு மட்டுமா? வங்கிகள் இரண்டு விதமாகவும் செய்யலாம். முதல் வகையில், அன்றைய இருப்பு எந்த வரியில் விழுகிறதோ அந்த விகிதம் முழுத் தொகைக்கும் கிடைக்கும். இரண்டாவது வகையில் வருமான வரியைப் போலக் கணக்கிடுவார்கள்: முதல் அடுக்குக்கு அதன் விகிதம், அடுத்த அடுக்கில் விழும் தொகைக்கு அடுத்த விகிதம், மிச்சத்துக்கு மட்டும் மேல் விகிதம். ‘progressive’ அல்லது ‘incremental balance’ என்ற சொல் அடிக்குறிப்பில் தென்பட்டால் அது இந்த இரண்டாவது வகை. ‘entire balance’ என்றிருந்தால் முதல் வகை. உண்மையில் இதைப் பட்டியலின் தலைப்பிலேயே போட வேண்டும். அப்படிப் போட்டால் 7 சதவிகிதத்தின் பளபளப்பு குறைந்துவிடும் என்பதை வங்கிகளும் அறியும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு லட்சம் வரை 3 சதவிகிதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 5, அதற்கு மேல் 10 லட்சம் வரை 7 என்று பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கணக்கு இது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 9 வரை, அதாவது 40 நாள், இருப்பு 80,000 ரூபாய். ஆகஸ்ட் 10 அன்று சேமநல நிதியிலிருந்து 5,20,000 வந்து 6 லட்சமாகிறது. அது செப்டம்பர் 8 வரை 30 நாள் இருக்கிறது. செப்டம்பர் 9 அன்று மூன்றரை லட்சத்தை எடுத்து ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுகிறார். மீதி 2,50,000 மாதக் கடைசி வரை, 22 நாள், அப்படியே கிடக்கிறது. மூன்றையும் கூட்டினால் காலாண்டின் 92 நாளும் அடங்கிவிடும்.

முதலில் பகுதி பகுதியாகக் கணக்கிடும் முறை. 80,000-க்கு ஆண்டு வட்டி 2,400. அதை 365-ஆல் வகுத்து 40 நாளால் பெருக்கினால் 263 ரூபாய் 1 பைசா. 6 லட்சம் இருந்த நாட்களுக்கு, முதல் லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000, அடுத்த நாலு லட்சத்துக்கு 20,000, கடைசி லட்சத்துக்கு 7,000 என மொத்தம் 30,000. அதில் 30 நாளின் பங்கு 2,465 ரூபாய் 75 பைசா. இரண்டரை லட்சத்துக்கு 3,000-மும் 7,500-மும் சேர்ந்து ஆண்டுக்கு 10,500. 22 நாளுக்கு 632 ரூபாய் 88 பைசா. கூட்டினால் 3,361 ரூபாய் 64 பைசா. ரூபாய்க்கு முழுமையாக்கினால் 3,362.

முழுத் தொகைக்கும் ஒரே விகிதம் என்றால் கதை வேறு. முதல் 40 நாளுக்கு அதே 263 ரூபாய். 6 லட்சம் முழுவதற்கும் 7 சதவிகிதம் போட்டால் 30 நாளுக்கு 3,452, இரண்டரை லட்சத்துக்கு 5 சதவிகிதம் போட்டால் 22 நாளுக்கு 753. பைசாவையும் சேர்த்துக் கூட்டினால் 4,468. ஒரே பட்டியல், ஒரே கணக்கு, ஒரே காலாண்டு. ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இன்னொரு விதமாகச் சொன்னால், பகுதி முறையில் 6 லட்சம் வைத்திருந்த அந்த முப்பது நாளிலும் ஆசிரியைக்குக் கிடைத்தது சராசரியாக 5 சதவிகிதம்தான். பட்டியலில் அவர் விரல் வைத்துப் பார்த்த வரியில் இருப்பது 7.

அடிக்குறிப்பு புரியவில்லை, கிளையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றாலும் கவலையில்லை. பாஸ்புக்கில் ஏறியிருக்கும் தொகையே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டேட்மென்டில் `Int.Pd` என்றோ `Credit Interest` என்றோ தொடங்கும் வரியைத் தேடி, அதில் உள்ள எண் இந்த இரண்டில் எதனுடன் ஒட்டுகிறது என்று பார்த்தால் போதும். வங்கி ஒவ்வொரு நாளின் வட்டியையும் பைசாவுக்கு முழுமையாக்கிக் கூட்டியிருந்தால் சிறு வித்தியாசம் வரலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு 366 நாள் என்று வகுத்திருந்தால் நம் உதாரணத்தில் 3,362 என்பது 3,352 ஆகும். லீப் ஆண்டாக இருந்தால் இதையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பலரும் இடறும் இடம் சராசரி. மூன்று மாத இருப்பின் சராசரியைக் கண்டு, அது விழும் வரியைப் பிடித்து வட்டி போடுகிறார்கள். நம் ஆசிரியையின் சராசரி இருப்பு ஏறத்தாழ 2,90,217. இதற்குப் பகுதி முறையில் 92 நாள் வட்டி 3,153 ரூபாய்தான் வருகிறது. வங்கி தந்தது அதைவிட அதிகம் என்று மகிழ்ந்தாலும் தவறு, வேறொரு கணக்கில் குறைவு என்று சண்டைக்குப் போனாலும் தவறு. வட்டி, ஒவ்வொரு நாளும் கணக்கு மூடும்போது இருக்கும் இருப்பின் மேல்தான். காலை வந்த பணம் மாலையே போய்விட்டால் அந்த நாளுக்கு அது இல்லாத பணம். பத்தாம் தேதிக்குள் பணம் போட்டால்தான் அந்த மாதத்துக்கு வட்டி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதுவும் ஒரு காலத்தில் உண்மைதான். 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்புக்கே அப்போது வட்டி. அந்த முறை 2010 மார்ச் 31-உடன் முடிந்துபோனது.

நாட்களை எண்ணும்போது தேதியில் கவனம் வேண்டும். சில ஸ்டேட்மென்ட்களில் இரண்டு தேதிகள் இருக்கும். பரிவர்த்தனை நடந்த தேதி ஒன்று, `Value Date` ஒன்று. வட்டிக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். கிளியரிங்குக்குப் போன காசோலை, போட்ட நாளிலிருந்து வட்டி சம்பாதிக்காது. வட்டிக் காலமும் எல்லா வங்கியிலும் மாதத்தின் கடைசி நாளில் முடிவதில்லை. சில வங்கிகள் சில நாட்கள் முன்னதாகவே வட்டியை வரவு வைத்துவிட்டு, விடுபட்ட நாட்களை அடுத்த காலாண்டில் சேர்க்கின்றன. ஆசிரியைக்கு இரண்டு எண்ணிலும் ஒட்டாமல் 3,200 சொச்சம் வந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அந்த வட்டி வரியிலேயே பல வங்கிகள் அச்சிடுகின்றன.

விகிதம் நடுவில் மாறியிருந்தால் அந்தத் தேதியில் காலத்தை வெட்டி, இரு பக்கமும் தனித்தனியாகப் போட வேண்டும். செப்டம்பர் 1 முதல் 7 சதவிகிதம் ஆறரையாகக் குறைந்தது என்றால், நம் உதாரணத்தில் பகுதி முறைப்படி பாதிக்கப்படுவது ஒரு லட்சம் மட்டுமே, அதுவும் எட்டே நாள். வட்டி 11 ரூபாய் குறையும். இணையத்தில் இன்று தெரியும் பட்டியல் இன்றைய விகிதம். போன காலாண்டைச் சரிபார்க்க, அப்போது நடப்பில் இருந்த பட்டியல் வேண்டும்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முழுத் தொகை முறையில் 5,00,000 ரூபாய்க்கு 5 சதவிகிதம் என்றால் 5,00,001-க்கு 7 சதவிகிதம். அந்த ஒரு ரூபாய் ஒரு நாளுக்கு 27 ரூபாய் வட்டியைக் கூட்டுகிறது. இருப்பு 5,00,010-ஆக நிற்கும்போது குறுஞ்செய்திக் கட்டணமாக 17 ரூபாய் 70 பைசா பிடிக்கப்பட்டால், கட்டணத்தைவிட அதிகம் ஒவ்வொரு நாளும் போகிறது. பகுதி முறையில் இந்தப் பள்ளம் கிடையாது. ஒரு ரூபாய் போனால் அந்த ஒரு ரூபாயின் வட்டி மட்டுமே போகும். ‘5 லட்சம் வரை’ என்பதற்கும் ‘5 லட்சத்துக்குக் கீழ்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துப் படிக்க வேண்டியது முழுத் தொகை முறையில்தான்.

ஆட்டோ ஸ்வீப் வசதி உள்ள கணக்கானால் மொத்த இருப்பு என்று செயலியில் தெரியும் எண்ணை எடுக்கவே கூடாது. உபரியாகத் தானே டெபாசிட்டுக்குப் போன பணத்துக்கு டெபாசிட் வட்டி. சேமிப்பு அடுக்குக்கு அது கணக்கில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் எண் ஒட்டவில்லை என்றால், ‘வட்டி குறைவாக வந்திருக்கிறது’ என்று எழுதினால் அச்சிட்ட பட்டியல் ஒன்றைத்தான் பதிலாக அனுப்புவார்கள். மாறாக மூன்று காலப்பகுதி, மூன்று இருப்பு, எதிர்பார்த்த தொகை, வந்த தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, எந்த முறையில் கணக்கிட்டீர்கள், எந்தத் தேதியிட்ட பட்டியலைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்பது பயன் தரும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` வழியே அனுப்பலாம். அப்போது அந்தத் தாளையும், வங்கிக்கு எழுதியதற்கான அத்தாட்சியையும் இணைக்க வேண்டியிருக்கும்.